கட்டளைக் கோட்பாடு: ஆஸ்டின் முதல் ரணசிங்க வழக்கு வரை

சட்டவியல் தேர்வுத்தாளில் கட்டளைக் கோட்பாடு பற்றிய கேள்வி வந்தால், மாணவர்களின் விடை பெரும்பாலும் ஒரே தடத்தில் போகும். சட்டம் என்பது இறையாண்மையாளரின் கட்டளை, மீறினால் தண்டனை, இதைச் சொன்னவர் ஜான் ஆஸ்டின் என்று தொடங்கி, ஹார்ட் சொன்ன துப்பாக்கிக் கொள்ளைக்காரன் உவமையோடு முடிந்துவிடும். கொள்ளைக்காரனும் மிரட்டித்தான் பணம் பறிக்கிறான். அதைச் சட்டம் என்போமா? கேள்வி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆஸ்டினை வீழ்த்தியது அது அல்ல. கொள்ளைக்காரன் ஒருமுறை மிரட்டிவிட்டுப் போகிறவன். இறையாண்மையாளரோ பொதுவான கட்டளைகளை இடுபவர். ஒரு சமூகம் முழுவதும் வழக்கமாக அவருக்குப் பணிந்து நடக்கிறது. இந்த வேறுபாட்டை ஆஸ்டினே வகுத்துவைத்திருந்தார். கோட்பாட்டின் உண்மையான விரிசல் தண்டனையில் விழவில்லை. ஆணையிடுபவர் யார் என்பதை அடையாளம் காணும் இடத்தில் விழுந்தது. அந்த விரிசல் எப்போது கண்ணில் பட்டது, எப்படிப் பெரிதானது என்பதைத்தான் இக்கட்டுரை பின்தொடர்கிறது.

சட்டத்தை ஆள்பவரின் விருப்பமாகக் காணும் பார்வை ஆஸ்டினுக்கு நெடுங்காலம் முன்பே இருந்தது. உள்நாட்டுப் போரின் புகை அடங்காத 1651இல் வெளிவந்த 'லெவியாத்தன்' நூலில் தாமஸ் ஹாப்ஸ், சட்டத்தைச் சட்டமாக்குவது அதிகாரமே, அறிவு அல்ல என்ற நிலையை எடுத்தார். நீதிபதிகளின் கூட்டறிவில் விளைந்தது பொதுச் சட்டம் என்று பெருமை பேசிய வழக்கறிஞர்களுக்கு அவர் தந்த பதில் அது. அடுத்த நூற்றாண்டில் ஜெரமி பெந்தம் இந்தக் கருத்தை நுணுக்கமாக வளர்த்தெடுத்தார். கட்டளை, தடை ஆகியவற்றோடு அனுமதியையும் சட்டத்தின் வகையாக அவர் எண்ணினார். தண்டனை மட்டுமின்றி வெகுமதியும் சட்டத்துக்குப் பின்பலமாக நிற்கலாம் என்றார். இறையாண்மை பகுக்கப்படலாம், வரம்புக்கும் உட்படலாம் என்பதையும் ஒப்புக்கொண்டார். அவர் 1780களின் தொடக்கத்தில் எழுதிவைத்த அந்தக் கையெழுத்துப்படி கட்டுகளுக்குள்ளேயே கிடந்து, 1945இல்தான் முதன்முதலாக அச்சேறியது. அது உரிய காலத்தில் வெளிவந்திருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் விவாதங்களில் பாதி நடந்தே இருக்காது. பெந்தம் செதுக்கிவைத்ததைவிட மொத்தையான ஒரு வடிவம்தான் உலகுக்குக் கிடைத்தது.

அந்த வடிவத்தைத் தந்த ஆஸ்டின் 1790இல் பிறந்தவர். இளமையில் சில ஆண்டுகள் படையில் பணியாற்றிவிட்டுச் சட்டத்துக்கு வந்தார். வழக்கறிஞர் தொழில் அவருக்குக் கைகொடுக்கவில்லை. லண்டனில் பெந்தமுக்கும் ஜேம்ஸ் மில்லுக்கும் அண்டைவீட்டுக்காரராக இருந்தார். புதிதாகத் தொடங்கப்பட்ட லண்டன் பல்கலைக்கழகத்தில் சட்டவியல் பேராசிரியராக நியமிக்கப்பட்டதும், பாடத்தைத் தயாரிக்க ஜெர்மனியின் பான் நகருக்குச் சென்று ரோமானியச் சட்டம் பயின்றார். வகுப்பு தொடங்கியபோது ஜான் ஸ்டூவர்ட் மில் போன்றவர்கள் வந்து அமர்ந்து கேட்டார்கள். பிறகு கூட்டம் கரைந்தது. மாணவர் கட்டணத்தையே பெரிதும் நம்பிய பதவி அது. 1832இல் விரிவுரைகளின் முதற்பகுதியைச் 'சட்டவியலின் எல்லை வரையறுக்கப்பட்டது' என்ற பொருள்தரும் தலைப்பில் நூலாக்கினார். அதையும் அதிகம் பேர் கவனிக்கவில்லை. 1859இல் அவர் இறந்த பிறகு மனைவி சாரா ஆஸ்டின் நூலை மறுபதிப்புச் செய்து, எஞ்சிய விரிவுரைக் குறிப்புகளையும் தொகுத்து வெளியிட்டார். கோட்பாட்டின் செல்வாக்கு அதன் பிறகுதான் தொடங்குகிறது. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஆக்ஸ்போர்டுக்கு ரீடராகப் போன வில்லியம் மார்க்பி, அவரைத் தொடர்ந்து ஹாலந்து ஆகியோரின் பாடநூல்கள் ஆஸ்டினின் சட்டகத்தைப் பரப்பின.

ஆஸ்டினின் வாதம் எளிய படிகளால் ஆனது. ஒருவர் இன்னொருவர் ஒன்றைச் செய்யவேண்டும், அல்லது செய்யாதிருக்கவேண்டும் என விரும்புகிறார். அந்த விருப்பத்தைச் சொல்லாலோ குறியாலோ வெளிப்படுத்துகிறார். மறுத்தால் தீங்கு விளைவிக்கும் ஆற்றலும் எண்ணமும் அவருக்கு உண்டு. இவை மூன்றும் சேர்ந்தால் கட்டளை. கடமை என்பது அந்தத் தீங்குக்கு ஆளாகும் நிலை. அதற்கு மேல் ஒன்றுமில்லை. கட்டளைகளிலும் எல்லாம் சட்டமாகிவிடாது. ஆஸ்டின் தரும் தானிய உதாரணம் இதை விளக்கும். தானிய ஏற்றுமதியைத் தடைசெய்து நாடாளுமன்றம் பொதுவாக விதித்தால் அது சட்டம். பஞ்சம் வரும்போலிருக்கிறதே என்று, துறைமுகத்தில் ஏற்கெனவே கப்பலேற்றி நிற்கும் தானியத்தை மட்டும் நிறுத்தச் சொன்னால், ஆணையிட்டது அதே நாடாளுமன்றமாகவே இருந்தாலும், அது தனிநிகழ்வுக்கான கட்டளைதான், சட்டம் அன்று. குறிப்பிட்ட செயலுக்கு அல்லாமல் ஒரு வகைச் செயல்களுக்கு விதிக்கப்படுவதே சட்டம்.

அடுத்து, கட்டளையிடுபவர். ஒரு சமூகத்தின் பெரும்பகுதி யாருக்கு வழக்கமாகப் பணிகிறதோ, யார் அதேபோல வேறெவருக்கும் வழக்கமாகப் பணிவதில்லையோ, அவரே இறையாண்மையாளர். அவர் ஒருவராகவும் இருக்கலாம், ஒரு குழுவாகவும் இருக்கலாம். இதிலிருந்து இரண்டு முடிவுகள் தாமாகவே வருகின்றன. இறையாண்மையாளரைச் சட்டத்தால் கட்டுப்படுத்த முடியாது. தனக்குத் தானே இட்டுக்கொள்ளும் ஆணை ஆணையாகாது. எனவே அரசமைப்பு விதிகளில் இறையாண்மையாளரைக் கட்டுப்படுத்துபவையும், நாடுகளுக்கு மேல் ஆணையிட எவரும் இல்லாத பன்னாட்டுச் சட்டமும், உண்மையில் சட்டங்களே அல்ல. அவற்றை ஆஸ்டின் 'நேர்நிலை ஒழுக்கம்' என்ற கூடையில் போட்டார். நாகரிக விதிகளுக்கும் அங்கேதான் இடம். முடிவு விநோதமாகப் படுகிறதே என்று அவர் தயங்கவில்லை. கையில் எடுத்த முற்கோளைக் கடைசிவரை கொண்டுபோகும் அந்தப் பிடிவாதத்துக்காகவே, கோட்பாடு தோற்ற இடங்களும் தெளிவாகத் தெரிகின்றன.

முதல் பெரிய எதிர்ப்பு இந்தியாவில் பணியாற்றிய ஒருவரிடமிருந்து வந்தது. ஹென்றி மெயின் 1862 முதல் 1869 வரை கவர்னர் ஜெனரல் அவையில் சட்ட உறுப்பினராக இருந்தவர். 1875இல் வெளிவந்த தம் விரிவுரைகளில் அவர் பஞ்சாபின் ரஞ்சித் சிங்கைச் சாட்சிக்கு அழைத்தார். ஆஸ்டின் வரையறைக்கு ரஞ்சித் சிங்கைவிடப் பொருத்தமான இறையாண்மையாளர் எளிதில் கிடைக்கமாட்டார். அவர் சொல்லை மீறுவது உயிருக்கு ஆபத்து. விளைச்சலில் பெரும்பங்கை வரியாக வசூலித்தார், எதிர்த்த ஊர்களை அழித்தார், பெரும்படை வைத்திருந்தார். ஆனால், ஆஸ்டின் சட்டம் என்று ஒப்புக்கொள்ளும் வகையான ஒரு கட்டளையைக்கூட அவர் வாழ்நாளில் இட்டதில்லை என்கிறார் மெயின். மக்களின் மணமும் சொத்தும் வாரிசும் நினைவுக்கெட்டாத காலத்து வழக்காறுகளின்படி நடந்தன. அவற்றைக் குடும்பத்துக்குள்ளும் ஊருக்குள்ளும் இருந்த மன்றங்கள் நடைமுறைப்படுத்தின. அந்த வழக்காறுகளை மாற்றலாம் என்ற நினைப்பே அந்த அரசருக்கு எழுந்திருக்காது.

இதற்கு ஆஸ்டின் முன்கூட்டியே ஒரு விடை வைத்திருந்தார். வழக்காறு, நீதிமன்றம் ஏற்கும்வரை வெறும் ஒழுக்கம். நீதிமன்றம் ஏற்று நடைமுறைப்படுத்தும்போது, நீதிபதியை மாற்ற வல்ல இறையாண்மையாளர் வாய்மூடி அனுமதிக்கிறார். அந்த மௌனமே ஆணை. மெயினுக்கு இது வெறும் சொல்விளையாட்டாகப் பட்டது. எதைத் தடுக்காமல் விட்டாலும் அது ஆணைதான் என்றால், ஆணை என்ற கருத்துக்கு உள்ளடக்கமே இல்லாமல் போய்விடுகிறது.

மெயின் கல்கத்தாவில் இருந்த காலத்திலேயே, 1868இல், பிரிவி கவுன்சில் தீர்த்த இராமநாதபுரம் ஜமீன் வழக்கை இந்த மௌன ஆணையின் மேல் வைத்துப் பார்க்கலாம். ஜமீன்தார் ஆண்வாரிசின்றி இறந்தார். அவருடைய மனைவி, கணவரின் அனுமதி இல்லாத நிலையில், கணவரின் பங்காளிகள் ஒப்புதலோடு ஒரு மகனைத் தத்தெடுத்தார். தத்து செல்லாது என்று வாதாடியது வேறெவரும் அல்லர், அரசேதான். மதுரைக் கலெக்டர் பெயரில் வழக்கு நடந்தது. பிரிவி கவுன்சில் தத்தை ஏற்றது. தென்னகத்தில் அத்தகைய தத்து செல்லும் எனக் கண்டது மட்டுமின்றி, இந்துச் சட்டத்தில் தெளிவாக நிறுவப்பட்ட வழக்காறு எழுத்திலுள்ள நூலையும் மிஞ்சி நிற்கும் என்றும் சொன்னது.

இங்கே ஆணையிட்டவர் யார்? ஆஸ்டினின் மாணவர் ஒருவர் இப்படி எதிர்வாதம் வைக்கலாம்: குடும்பம், வாரிசு பற்றிய வழக்குகளில் இந்துக்களுக்கு இந்துச் சட்டத்தைக் கையாளுமாறு சென்னை மாகாணத்தின் 1802ஆம் ஆண்டு ஒழுங்குவிதி நீதிமன்றங்களுக்குச் சொல்லியிருக்கிறது, அதுவே கட்டளை. வலுவான வாதம்தான், ஒரு படிவரை. அந்த ஒழுங்குவிதி நீதிபதியை ஒரு திசையில் திருப்பிவிடுகிறது. அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. தத்தெடுக்க யாருடைய ஒப்புதல் வேண்டும் என்ற விதியை லண்டனோ கல்கத்தாவோ சென்னையோ விரும்பியதும் இல்லை, வெளிப்படுத்தியதும் இல்லை. அரசின் வெளிப்படையான விருப்பம் ஒன்று இருந்தது என்றால் அது கலெக்டர் வாயிலாக வந்த எதிர்ப்புதான். அந்த எதிர்ப்பு தோற்றது. மேலும், வழக்குக்குப் பல ஆண்டுகள் முன்பு நடந்த தத்தை, அது நடந்த நாளிலேயே செல்லுபடியானது என்று நீதிமன்றம் கண்டது. தீர்ப்பு நாளில் புதிதாகப் பிறந்த ஆணையாக அதை நடத்தவில்லை. வழக்காறு நீதிமன்றத்துக்கு வருமுன்னரே சட்டமாக இருந்தது என்று நீதிமன்றமே எண்ணிச் செயல்பட்டது.

இங்கிலாந்துக்குள்ளேயே இன்னொரு சிக்கல் இருந்தது. இறையாண்மையாளர் யார் என்ற கேள்விக்கு ஆஸ்டினே தெளிவாகப் பதில் சொல்லமுடியாமல் திணறினார். நாடாளுமன்றம் என்று சொல்லிவிட்டு, சற்று யோசித்து, அரசரும் பிரபுக்களும் மக்களவையைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர்களும் சேர்ந்ததே இறையாண்மைக் குழு என்றார். மக்களவை உறுப்பினர்கள் வாக்காளர்களின் அறங்காவலர்கள் மட்டுமே. டைசி 1885இல் இதை மறுத்தார். 1716இல் நாடாளுமன்றம் தன் ஆயுளை மூன்றாண்டிலிருந்து ஏழாண்டாகத் தானே நீட்டிக்கொண்டதை அவர் எடுத்துக்காட்டினார். மூன்றாண்டுக்கென்று தேர்ந்தெடுத்தவர்களைக் கேட்காமலே நடந்தது அது. எந்த நீதிமன்றமும் அச்சட்டம் செல்லாது என்று சொல்லவில்லை. அறங்காவலர் இப்படிச் செய்திருந்தால் நீதிமன்றம் விட்டிருக்குமா? அரசியலில் வாக்காளர் மேலானவராக இருக்கலாம். சட்டத்தில் அப்படி இல்லை.

வாக்காளரை இறையாண்மைக் குழுவில் சேர்ப்பதில் இன்னும் ஆழமான இடர் ஒன்று உண்டு. அதை முழுமையாக எடுத்துச்சொன்னவர் ஹார்ட். ஆணையிடுவோர், பணிவோர் என்று சமூகத்தை இரண்டாகப் பிரித்த கோட்பாடு, இப்போது மக்கள் தங்களுக்குத் தாங்களே வழக்கமாகப் பணிகிறார்கள் என்று சொல்லவேண்டி வருகிறது. வாக்காளர் என்ற நிலையில் ஆணையிடுகிறார்கள், குடிமக்கள் என்ற நிலையில் பணிகிறார்கள் என்று சமாளிக்கலாம். ஆனால் வாக்காளர் என்ற நிலையை உண்டாக்குவது எது? வயது, பதிவு, தேர்தல் நடைமுறை பற்றிய விதிகள். ஆக, விதிகளைப் பிறப்பிக்கவேண்டிய இறையாண்மையாளரையே விதிகள்தாம் பிறப்பிக்கின்றன.

எச். எல். ஏ. ஹார்ட் 1961இல் வெளியிட்ட 'சட்டம் என்ற கருத்து' நூலின் முற்பகுதி முழுவதும் இந்தக் கோட்பாட்டை அதன் மிக வலுவான வடிவில் கட்டியெழுப்பி, பிறகு ஒவ்வொரு பக்கமாகச் சோதிப்பதற்குச் செலவாகிறது. அவர் வைத்த குறைகளுள் உயில் பற்றியது பலருக்கும் தெரியும். உயில் எழுத்தில் இருக்கவேண்டும், இரண்டு சாட்சிகள் கையெழுத்திடவேண்டும் என்று இங்கிலாந்தின் 1837ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது; நம் நாட்டு வாரிசுரிமைச் சட்டமும் இரண்டு சாட்சி கேட்கிறது. இது எவருக்கும் கட்டளை இல்லை. உயில் எழுதவேண்டும் என்று எவரும் நம்மை மிரட்டவில்லை. எழுத விரும்பினால் அதற்கான ஆற்றலை இந்த விதி தருகிறது. சாட்சியில்லாத உயில் செல்லாமற்போவதும் ஒரு தண்டனைதானே என்று பதில் வரலாம். ஹார்டின் மறுப்பு கூர்மையானது. திருட்டுக்குரிய தண்டனையை நீக்கிவிட்டாலும் 'திருடாதே' என்பது பொருளுள்ள விதியாக மிஞ்சும். செல்லாமையை நீக்கிவிட்டால் சாட்சி வேண்டும் என்ற விதியில் மிஞ்சுவது எதுவுமில்லை. கபடியில் போனஸ் கோட்டைத் தாண்டாதவருக்குப் போனஸ் புள்ளி இல்லை என்பது எப்படி ஆட்டக்காரருக்கு விதித்த தண்டனையாகாதோ, அதுபோலத்தான் இது.

இந்த வாதம் சட்டத்தின் பலவகைமையைக் கட்டளைக் கோட்பாடு மறைப்பதைக் காட்டுகிறது. கோட்பாட்டை முழுதாகச் சாய்க்கவில்லை. அதிகாரம் வழங்கும் விதிகள் எல்லாம் கட்டளைகளின் துண்டுகள் என்று ஒருவர் தொடர்ந்து வாதாடலாம். பெந்தமிடமே அதற்கான விதை உண்டு. வழக்கமான பணிவு என்ற அடித்தளத்தை ஹார்ட் தோண்டிய இடத்தில்தான் கட்டடம் ஆடுகிறது.

ஹார்ட் ஒரு கற்பனை நாட்டை வைக்கிறார். முதலாம் ரெக்ஸ் நெடுங்காலம் ஆண்டு, மக்களைப் பணிவுக்குப் பழக்கிவிட்டு இறக்கிறார். மகன் இரண்டாம் ரெக்ஸ் அரியணை ஏறி முதல் ஆணையைப் பிறப்பிக்கிறார். அந்த ஆணை சட்டமா? ஆஸ்டின் கணக்கில் இல்லை. தந்தைக்குப் பணிந்த பழக்கம் தந்தையோடு போயிற்று. மகனுக்குப் பணியும் பழக்கம் இன்னும் உருவாகவே இல்லை. அது உருவாகும்வரை நாடு சட்டமற்றுக் கிடக்கவேண்டும். எந்த நாட்டிலும் இப்படி நடப்பதில்லை. அரசர் இறந்த மறுகணமே அடுத்தவருக்கு ஆளும் உரிமை உண்டு என்று எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். உரிமை என்ற அந்தச் சொல்லைப் பழக்கத்திலிருந்து கறந்தெடுக்க முடியாது. நேற்றுவரை ஒருவர் சொன்னபடி பலர் நடந்தார்கள் என்ற தகவலிலிருந்து, நாளை இன்னொருவர் சொல்வதைக் கேட்கவேண்டும் என்ற முடிவு வராது. அதற்கு வாரிசு பற்றிய ஒரு விதி வேண்டும். அந்த விதியைத் தங்கள் நடத்தைக்கு அளவுகோலாக ஏற்று, மீறுவோரைக் கண்டிக்கவும் அதைக் காரணமாகக் காட்டும் மனநிலை, குறைந்தது அதிகாரிகளிடமாவது இருக்கவேண்டும். இதைத்தான் ஹார்ட் விதியின் உட்புறம் என்றார். பழக்கத்துக்கு உட்புறம் கிடையாது, விதிக்கு உண்டு.

எதிர்த்திசையிலும் இதே சிக்கல். 1944இல் ஹெலன் டங்கன் என்ற ஆவியுலகத் தொடர்பாளர் லண்டனில் விசாரிக்கப்பட்டு ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் மீறியதாகச் சொல்லப்பட்டது 1735ஆம் ஆண்டு மாந்திரீகச் சட்டம். அதை இயற்றிய நாடாளுமன்றத்தில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. அன்றைய அரசர் இரண்டாம் ஜார்ஜ். அவரோடு சேர்த்து எண்ணினால் 1944இன் அரசர் ஒன்பதாமவர். செத்துப்போனவருக்கு எவரும் வழக்கமாகப் பணிவதில்லை. பிறகு எப்படி அது சட்டமாகவே இருந்தது? ஹாப்ஸின் வழி ஒன்று உண்டு: யார் அதிகாரத்தால் முதலில் இயற்றப்பட்டது என்று பார்க்காதே, யார் அதிகாரத்தால் இன்று தொடர்கிறது என்று பார். இன்றைய இறையாண்மையாளர் அதை நீக்காமல் விட்டிருக்கிறார், அதுவே ஆணை. மெயினுக்கு எதிராக நின்ற அதே மௌனம் இங்கே மீண்டும் வேலைக்கு வருகிறது. நீதிமன்றம் கையிலெடுக்கும்வரை அந்தப் பழஞ்சட்டம் சட்டமல்ல என்றால், அதற்கும் எவரும் இயற்றாத வழக்காற்றுக்கும் வேறுபாடே இல்லை என்றாகிவிடும். இப்படி ஒரு சட்டம் இருப்பதாக அன்றைய அமைச்சர்களில் எத்தனை பேருக்கு நினைவு இருந்திருக்கும் என்பதும் கேட்கத்தக்கதுதான். அறியாத ஒன்றை விரும்பி ஆணையிட்டார் என்று சொல்வது எளிதல்ல. சட்டமன்றத்தில் கைதூக்கியவர்களில் பலர் மசோதாவைப் படித்தே இருக்கமாட்டார்கள். அவர்கள் விரும்பியது எது என்று கெல்சன் கேட்டதும் இதே நரம்பைத் தொட்டுத்தான். அவர் சட்டத்தை விருப்பம் இல்லாத கட்டளையாக, அதாவது நெறியாக, மாற்றிக்கொண்டார்.

ஹார்ட் நூல் வெளிவந்த மூன்றாண்டுக்குள், கற்பனை ரெக்ஸுக்குப் பதிலாக ஒரு நிஜ நாடு சாட்சிக்கு வந்தது. இலங்கையின் சோல்பரி அரசமைப்பு நாடாளுமன்றத்துக்குச் சட்டமியற்றும் அதிகாரத்தை வழங்கியது. அரசமைப்பையே திருத்துவதென்றால் மட்டும் ஒரு நிபந்தனை: வராதவர்களையும் சேர்த்து மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தனர் என்று சபாநாயகர் மசோதாவின் மேல் சான்றெழுதவேண்டும். அப்போது பிரதிநிதிகள் சபையில் 101 உறுப்பினர். ஆகவே 68 வாக்குகள். நீதித்துறை அலுவலர்களை நியமிக்கும் அதிகாரம் நீதிச்சேவை ஆணைக்குழுவுக்கு உரியது என்பதும் அதே அரசமைப்பில் இருந்தது. 1958இல் நாடாளுமன்றம் இலஞ்சத் திருத்தச் சட்டத்தை இயற்றி, இலஞ்ச வழக்குகளை விசாரித்துத் தண்டிக்கத் தீர்ப்பாயங்களை அமைத்தது. தீர்ப்பாய உறுப்பினர்களை நீதியமைச்சரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமிப்பார். ஆணைக்குழுவுக்கு அதில் இடமில்லை. சபாநாயகரின் சான்றும் மசோதாவில் இல்லை. ரணசிங்க என்பவர் அத்தகைய தீர்ப்பாயம் ஒன்றால் தண்டிக்கப்பட்டு மேன்முறையீடு செய்தார். இலங்கை உச்ச நீதிமன்றம் தண்டனையை நீக்கியது. 1964இல் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதிசெய்தது.

இலஞ்ச ஆணையாளர் தரப்பு வைத்த வாதம் கிட்டத்தட்ட ஆஸ்டின் வாய்ச்சொல். நாடாளுமன்றம் இறையாண்மை உடையது. அதைக் கட்டுப்படுத்த எவரும் இல்லை. பிந்திய சட்டம் முந்தியதை மௌனமாகத் திருத்திவிட்டது. அச்சிட்ட சட்டப்படி கையில் இருக்கும்போது நீதிமன்றம் அதற்கு அப்பால் தோண்டக்கூடாது. பியர்ஸ் பிரபு எழுதிய தீர்ப்பு இதை ஏற்கவில்லை. சட்டமியற்றும் அதிகாரத்தைத் தரும் ஆவணமே அந்த அதிகாரம் எப்படிச் செலுத்தப்படவேண்டும் என்றும் சொல்லியிருந்தால், அந்த முறையைத் தாண்டிச் சட்டமியற்ற எந்தச் சட்டமன்றத்துக்கும் ஆற்றல் கிடையாது. அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார்: இந்த நிபந்தனையால் இலங்கை நாடாளுமன்றத்தின் இறையாண்மை குறைந்துவிடவில்லை. முறைப்படி மூன்றில் இரண்டு பங்கைத் திரட்டினால் நிபந்தனையையே அது மாற்றிக்கொள்ளலாம்.

ஆஸ்டினின் கண்ணாடி வழியே இந்த வழக்கைப் பார்த்தால் வேறுபாடே தெரியாது. அதே உறுப்பினர்கள், அதே கட்டடம், அதே அச்சகம். 1958இலிருந்து பல ஆண்டுகள் காவல்துறையும் வழக்குத் தொடுப்போரும் குற்றஞ்சாட்டப்பட்டவர்களும் அந்தச் சட்டத்துக்குப் பணிந்தே நடந்தார்கள், தீர்ப்பாயங்கள் கூடின, மனிதர்கள் தண்டிக்கப்பட்டார்கள். விருப்பம் வெளிப்பட்டது, தீங்கு அச்சுறுத்தியது, பணிவு கிடைத்தது. ஆஸ்டின் கேட்கும் எல்லாமே இருந்தும் அந்தத் தீர்ப்பாயங்களுக்குச் சட்டத்தில் அடிப்படை இல்லை. இல்லாமற்போனது ஒரு தாளில் எழுதப்படவேண்டிய சான்று. அதன் முக்கியத்துவம் பழக்கத்தைக் கவனிப்பவர் கண்ணுக்குப் படாது. விதியை அறிந்தவருக்கே புலப்படும்.

ஆஸ்டின் பின்வாங்கி நிற்க ஓர் இடம் இருக்கிறது. அமெரிக்காவைப் பற்றி எழுதும்போது அவரே அதைக் கையாண்டார்: சாதாரணச் சட்டமன்றத்துக்குப் பின்னால், அரசமைப்பைத் திருத்தவல்ல குழுதான் உண்மையான இறையாண்மையாளர். இலங்கையில் அது அரசி, மேலவை, சான்றுடன் கூடிய மூன்றில் இரண்டு பங்கு சபை ஆகியவை சேர்ந்த ஒன்றாகும். அப்படி ஒரு 'குழு' 1958 முழுவதும் எவருக்கும் கண்ணால் காணக்கூடியதாக இல்லை. அரசமைப்பின் வாசகத்தை விரித்துப் படித்தால்தான் அது உருவாகிறது. கூடவே, சமயத்தாலும் இனத்தாலும் வேறுபடுத்தும் சட்டங்களைத் தடுத்த 29ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் பற்றி, அது அந்த அரசமைப்பின்கீழ் மாற்றவே முடியாதது என்று பியர்ஸ் பிரபு தம் தீர்ப்பில் போகிறபோக்கில் குறிப்பிட்டார். வழக்கின் முடிவுக்கு அது தேவைப்படாத கூற்று. ஆனாலும் தமிழ்ச் சட்டத்தரணிகள் பல ஆண்டுகள் பற்றிக்கொண்டிருந்த கூற்று. அதை அப்படியே ஏற்றால், எதையும் ஆணையிடவல்ல குழு அந்த நாட்டில் எங்குமே இல்லை. ஆனால் சட்டம் இருந்தது.

கட்டளைக் கோட்பாட்டுக்கு மிச்சம் ஏதாவது உண்டா? தண்டனை பற்றிய பகுதிக்கு உண்டு என்றே நினைக்கிறேன். விதியை உள்ளிருந்து ஏற்கும் மனிதரை முன்னிறுத்திய ஹார்ட், வற்புறுத்தலைச் சட்டத்தின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார் என்றும், நடைமுறையில் பெரும்பாலான மக்கள் சட்டத்தைச் சந்திப்பது மிரட்டலாகத்தான் என்றும் ஃபிரடெரிக் ஷாயர் 2015இல் வாதிட்டார். வரி அலுவலகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ போய்வந்தவர்கள் இதை உடனே மறுத்துவிட மாட்டார்கள். ஹார்டும் தண்டனை இல்லாத சட்டமுறை சாத்தியம் என்று வாதாடவில்லை. தண்டனையைக் கொண்டு சட்டத்தை வரையறுக்க முடியாது என்றுதான் சொன்னார்.

இறையாண்மை பற்றிய பகுதியில் ஆஸ்டின் சொன்னது பொருந்தும் நேரம் ஒன்று உண்டு: விதிகளே அறுபடும் நேரம். 1970 தேர்தலில் வென்ற இலங்கையின் ஐக்கிய முன்னணி, சோல்பரி அரசமைப்பின் திருத்த நடைமுறையைப் பயன்படுத்தத் தேவையான மூன்றில் இரண்டு பங்கைத் தாராளமாகக் கையில் வைத்திருந்தது. ஆயினும் அந்த வழியே போகாமல், உறுப்பினர்களை அரசமைப்புப் பேரவையாக நவரங்கஹலவில் கூட்டி, 1972 மே 22 அன்று புதிய குடியரசு அரசமைப்பை நிறைவேற்றியது. பழைய அரசமைப்பு பெற்றெடுத்த குழந்தையாகப் புதியது இருக்கக்கூடாது என்பதே நோக்கம். பழையதன் வழியே வந்தால் பழையதன் 29ஆம் பிரிவும் மாற்றமுடியாதது என்ற அந்தக் கூற்றும் தொடர்ந்து வரலாம். அன்று காலை இருந்த விதிகளின்படி அந்தப் பேரவைக்கு அரசமைப்பு இயற்றும் அதிகாரம் இல்லை. நீதிபதிகள் புதிய அரசமைப்பின்கீழ் உறுதிமொழி எடுத்தார்கள், அதிகாரிகள் அலுவலகம் திரும்பினார்கள், மக்கள் பணிந்தார்கள். அந்தச் சில வாரங்களை விளக்க ஆஸ்டினின் பணிவுப் பழக்கம் ஓரளவு உதவும். அதன் பிறகு அந்த அரசமைப்பின்கீழ் ஒரு சட்டம் செல்லுமா என்று எவர் கேட்டாலும், நீதிபதி மக்களின் பழக்கத்தை எண்ணிப் பார்க்கவில்லை. மீண்டும் பக்கத்தைப் புரட்டி, எந்தப் பிரிவு, எத்தனை வாக்கு என்றுதான் பார்த்தார்.